லுகேமியா போலத் தெரியும் கிளாண்டுலர் காய்ச்சல்: ஸ்லைடில் பிரித்தறிவது எப்படி?

இரத்தக் கலங்களை எண்ணும் எஃப்பிசி இயந்திரம் "பிளாஸ்ட் கலங்கள் இருக்கலாம்", அதாவது முதிராத வெண்கலங்கள் இருக்கலாம் என்று எச்சரிக்கை காட்டியதும், ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கை நடுங்கும். வெளியே வாங்கில் இருக்கும் தாய்க்கு "இரத்தப் புற்றுநோய்" என்ற சொல் எப்படியோ எட்டிவிடும். ஆனால் எப்ஸ்டீன்-பார் வைரசால் வரும் கிளாண்டுலர் காய்ச்சலிலும் இதே எச்சரிக்கை வரலாம். அதனால் அதற்கு முன் செய்ய வேண்டியதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து வந்த 17 வயது உயர்தர மாணவி என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் காய்ச்சல், விழுங்க முடியாத தொண்டை நோ, கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. வெண்குருதிக் கலங்கள் 16,400, அதில் லிம்போசைட் 68%, நியூட்ரோபில் 22%. ஹீமோகுளோபின் 13.1, பிளேட்லெட் 1,42,000.

முதலில் சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்றுங்கள். 16,400இல் 68% என்றால் ஏறத்தாழ 11,150 லிம்போசைட். பெரியவர்களில் இது 4,000ஐத் தாண்டுவதில்லை, ஆகவே இங்கே உண்மையாகவே கூடியிருக்கிறது. நியூட்ரோபிலோ 3,600 அளவில் இருக்கிறது, குறையவில்லை. ஹீமோகுளோபினும் சரி. பிளேட்லெட் சற்றுக் குறைவுதான், ஆனால் கிளாண்டுலர் காய்ச்சலில் அது வழக்கம். என்பு மச்சையை லுகேமியா பிடித்திருந்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாவது நன்றாக விழுந்திருக்கும். பெரும்பாலும்தான், எப்போதுமல்ல. அதனால்தான் ஸ்லைடைப் பார்க்கிறோம்.

ஸ்லைடை இரத்தம் எடுத்த இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் போட்டுவிட வேண்டும். நம்மிடம் இது பெரிய சிக்கல். தூரத்துக் கிராமிய வைத்தியசாலையில் காலையில் எடுத்த ஊதா மூடிக் குழாய் வெயிலில் பயணித்துப் பின்னேரம் வந்து சேரும். அதற்குள் லிம்போசைட்டின் கரு மடிந்து, குழியவுருவில் துளைகள் விழுந்து, நல்ல கலமே விகாரமாகத் தெரியும். எடுத்த இடத்திலேயே ஸ்லைட் போட்டுக் காயவைத்துக் குழாயோடு அனுப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் புதிதாக இரத்தம் எடுங்கள். பழைய குழாயை வைத்து யாருக்கும் லுகேமியா என்று எழுதாதீர்கள்.

லீஷ்மன் சாயம் போட்டபின், செங்குருதிக் கலங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் பகுதிக்குப் போங்கள். மாணவியின் ஸ்லைடில் தெரிவது இதுதான்: பெரிய லிம்போசைட்டுகள், தாராளமான வெளிர்நீலக் குழியவுரு, ஓரத்தில் மட்டும் கடும்நீலம். பக்கத்தில் இருக்கும் செங்கலத்தை அந்த ஓரம் வளைந்து அணைத்திருக்கும். கருவின் உருவம் ஒழுங்கில்லை, குரோமற்றின் திரளாக இருக்கிறது. முக்கியமாக, ஒரு கலம் மற்றதைப் போல இல்லை: ஒன்று சிறிது, ஒன்று பெரிது, ஒன்றின் கரு உருண்டை, இன்னொன்றினது மடிந்தது.

லுகேமியாவில் வரும் லிம்போபிளாஸ்ட் இப்படி இராது. பிளாஸ்டுகள் ஒரே குடும்பத்துச் சாயலில், ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்ததுபோல இருக்கும். குழியவுரு மெல்லிய விளிம்பாக மட்டும் தெரியும், குரோமற்றின் மிக நுண்மையானது. புன்கருவை மட்டும் நம்பாதீர்கள், அது கிளாண்டுலர் காய்ச்சலிலும் சில கலங்களில் தெரியும். ஸ்லைடின் ஓரங்களையும் வாலையும் பார்க்காமல் எழும்பாதீர்கள், பெரிய கலங்கள் அங்கேதான் ஒதுங்கும்.

நூறு வெண்கலங்களை எண்ணியதில் 26 இப்படி மாறிய லிம்போசைட்டுகள் என்றால், லிம்போசைட் பாதிக்கு மேல், மாறியவை பத்து வீதத்துக்கு மேல் என்ற இரண்டு அளவுகோலும் நிறைவேறுகின்றன. டெங்குவிலும் இவை வரும், ஆனால் அங்கே மொத்த வெண்கலங்கள் பொதுவாகக் குறையும், பிளேட்லெட் இன்னும் கீழே போகும்.

உறுதிப்படுத்த மொனோஸ்பொட் சோதனை. முதல் வாரத்தில் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம், சின்னப் பிள்ளைகளில் அடிக்கடி அப்படி வரும். அப்போது எப்ஸ்டீன்-பார் வைரசுக்கான ஐஜிஎம் சோதனை உதவும்.

லுகேமியா இல்லாமலே வெண்கலங்கள் அதுபோல ஏறும் லுகேமொய்ட் எதிர்வினை வேறு கதை. கடும் தொற்றில் வெண்கலங்கள் 50,000ஐத் தாண்டும், ஆனால் கூடுவது நியூட்ரோபில் வரிசை. அவற்றில் கடும் நிறத் துகள்கள் தெரியும். பேசோபில் சேர்ந்து கூடியிருந்தால் நாட்பட்ட மைலோயிட் லுகேமியாவை நினைக்க வேண்டும்.

மாணவிக்கு இரண்டு வாரத்தில் மறுபடி எஃப்பிசி எடுக்கச் சொல்லி எழுதுங்கள். மாறிய கலங்கள் குறைந்து வர வேண்டும். குறையாமல் நின்றாலோ, ஹீமோகுளோபினோ நியூட்ரோபிலோ விழுந்தாலோ, ஒரே சாயல் கலங்கள் தெரிந்தாலோ அன்றைக்கே வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்து, ஸ்லைடையும் இரத்தவியல் நிபுணருக்கு அனுப்புங்கள். இந்த முடிவு வரும்வரை தொண்டை வீக்கத்துக்கு ஸ்டீரொய்ட் தொடங்க வேண்டுமா என்று வைத்தியர் கேட்டால், ஸ்லைடில் இன்னும் சந்தேகம் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். உள்ளே லுகேமியா இருந்தால் அந்த மருந்து பிளாஸ்டுகளைத் தற்காலிகமாகக் கரைத்து, நோயைக் கண்டுபிடிக்க முடியாமல் மறைத்துவிடும்.