நாட்டுப்புற மெட்டு என்று அச்சடிப்பதற்கு முன்

சிங்கப்பூரில் ஜூலையில் இன நல்லிணக்க நாள் நெருங்கினால் போதும், இசைக்குழுப் பிள்ளைகள் யாராவது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "அண்ணே, இது பழைய மலாய் நாட்டுப்பாட்டு. தமிழில் வரி எழுதிட்டோம், கேளுங்க." கேட்டால், பல நேரம் அது யாரோ ஒருவர் உட்கார்ந்து இயற்றிய பாட்டாக இருக்கும். பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டை மாற்றிப் போடுவது எல்லாம் சில்லறைத் தவறுகள். அவற்றை விட்டுவிடுகிறேன். மெட்டு யாருடையது என்று முடிவுகட்டுவதில் அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

"பாட்டி பாடிய பாட்டு"

பாட்டி 1945இல் பிறந்தவர் என்றால் அவர் ரேடியோ கேட்டு வளர்ந்தவர். பாட்டையும் அதில்தான் கேட்டிருக்கலாம்.

"நாட்டுப்பாடல்னு போட்டிருக்கே!"

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு குழு 'பெங்காவான் சோலோ' மெட்டுக்குத் தமிழ் வரி எழுதி, ஒலிப்பதிவு செய்து, கையேட்டில் 'பாரம்பரிய மெட்டு' என்று அச்சடித்தும் விட்டது. ஆதாரம் என்னவென்றால், இணையத்தில் பார்த்த மூன்று காணொளிகளின் தலைப்பு. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதினால் அது மூன்று சாட்சி ஆகுமா? கடைசியில் கையேடு குப்பைக்குப் போனது, ஒலிப்பதிவுக்குக் கொடுத்த பணமும் போனது.

அந்தப் பாட்டை 1940இல் இயற்றியவர் கெசாங், ஜாவாவின் சோலோ நகரத்துக்காரர். குரோன்சோங் என்னும் இந்தோனேசிய இசைப் பாணியில் அமைந்த பாட்டு. போர்க்காலத்தில் ஜப்பானியப் படைவீரர்கள் வழியாக ஜப்பான் போனது, பிறகு சீனத்திலும் ஆங்கிலத்திலும் பாடப்பட்டது. இங்கே கேக் கடைக்குக்கூட அந்தப் பெயர். இத்தனை வாயில் புழங்கிய பாட்டு ஊர்ப்பாட்டு போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் கெசாங் காலமானது 2010இல்தான். சிங்கப்பூர்ச் சட்டப்படி இயற்றியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அதாவது 2080 முடியும்வரை. மேடையில் பாடுவதற்கு, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமையைக் கவனிக்கும் காம்பாஸ் அமைப்பிடம் உரிமம் வாங்கலாம். புது வரி எழுதிச் சேர்ப்பது வேறு விஷயம், அதற்கு உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும்.

தலைப்பைப் பார்க்காமல் பாட்டையே கேட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். முதல் அடியின் மெட்டு இரண்டாம் அடியிலும் வருகிறது, மூன்றாவதில் வேறு மெட்டுக்குத் தாவுகிறது, நான்காவதில் பழையதற்கே திரும்புகிறது. இருபதாம் நூற்றாண்டு மெல்லிசைக்காரர்களுக்குப் பிடித்த கட்டமைப்பு இது. மலாய் நாட்டுப்பாட்டான 'ராசா சாயாங்'கை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பல்லவி, நடுவில் யார் வேண்டுமானாலும் பந்துன் என்னும் நாலடிப் பாட்டு ஒன்றைப் பாடலாம், ஆளுக்கு ஆள் வரி மாறும். 'பெங்காவான் சோலோ'வை எந்த மலாய்க்காரர் பாடினாலும் ஏறக்குறைய அதே வரிகள்தான். வரி மாறாமல் நிற்கிறது என்றால் எழுதியவர் ஒருவர் இருக்கக்கூடும் என்று தேட ஆரம்பிக்க வேண்டும். இது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல.

தீர்ப்புக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். கிடைப்பதிலேயே பழைய இசைத்தட்டு, பழைய அச்சுப்பிரதி, பழைய நாளிதழ் விளம்பரம் எது என்று பாருங்கள். தேசிய நூலகத்தின் NewspaperSG தளத்தில் தேடலாம். இந்தோனேசியப் பாட்டு என்றால் பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். 1947க்கு முன் dayung என்பது dajoeng. பழைய ஆதாரம் ஒன்றில் ஆள் பெயர் இருந்தால், பின்னாளில் 'பாரம்பரியம்' என்று போட்ட பத்துக்கும் அது மேல்.

"தேடினேன், கிடைக்கவில்லை. அப்போ நாட்டுப்புறம்தான்"

மெட்டை வைத்தே தேட Musipedia போன்ற தளங்கள் உண்டு. ஒவ்வொரு சுரமும் முந்தையதைவிட ஏறுகிறதா (U), இறங்குகிறதா (D), அதிலேயே நிற்கிறதா (R) என்று எழுதினால் போதும், முதல் சுரத்துக்கு மட்டும் * குறி. பிறந்தநாள் பாட்டின் முதல் இரண்டு அடி இப்படி வரும்:

```
*RUDUDDRUDUD
```

ஆனால் இந்தத் தளங்களில் மேற்கத்திய மெட்டுகளே அதிகம், மலாய், தமிழ் மெட்டுகள் குறைவு. நம் பாட்டில் கமகம் வேறு, எது ஏற்றம் எது இறக்கம் என்று குறிப்பதே பாடு. அங்கே கிடைக்காததை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

வரிக்கு ஆள் உண்டு, அதனால் மெட்டுக்கும் உண்டு?

தைப்பூசத்தில் கேட்கும் காவடிச்சிந்தில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் எழுதியவை உண்டு. அதனால் சிந்து நடையே அவருடையது ஆகிவிடாது. 'தியென் மி மி'யும் இப்படித்தான். தெரசா டெங் 1979இல் பாடிப் புகழ்பெற்றது. சீன வரிகள் சுவாங் நு எழுதியவை, மெட்டோ 'டாயுங் சம்பான்' என்னும் இந்தோனேசிய நாட்டுப்பாட்டு. மெட்டை எடுக்கலாம். அந்த வரிகளையும் அந்த இசைக்கோப்பையும் எடுக்க முடியாது.

இசைக்கோப்பு செய்தவர் பெயரை 'இசை' என்று போடுவது

வேண்டாம். மெட்டை இயற்றியவர் அவர் அல்ல.

எவ்வளவு தேடியும் பிடிபடவில்லையா? சரி, 'இயற்றியவர் தெரியவில்லை' என்று போட்டு, எங்கெங்கே தேடினீர்கள் என்பதைக் கோப்பில் எழுதி வையுங்கள். புது வரி எழுதுவதற்கு வேறு மெட்டைப் பாருங்கள்.