முதல் புத்தகத்தோடு நின்றுவிடும் தொடர்ப்பெயர்கள்

சிறுவர் படக்கதைத் தொடருக்குப் பெயர் வைக்கும்போது பெரும்பாலும் முதல் கதையை மட்டுமே மனதில் வைத்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

‘பல் விழுந்த கோமு’ என்று ஒரு புத்தகம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக விற்கிறது. அடுத்ததில் கோமு சந்தைக்குப் போகிறாள். ‘பல் விழுந்த கோமு சந்தைக்குப் போகிறாள்’ என்றால் தலைப்பு நீளம், ஓவியரும் ஒவ்வொரு படத்திலும் ஓட்டைப் பல்லை வரைந்தாக வேண்டும். சரி, ‘சந்தைக்குப் போன கோமு’ என்று மாற்றலாம். அப்போது அகர வரிசைப் பட்டியலில் ஒன்று ‘ச’வில் நிற்கும், இன்னொன்று ‘ப’வில் நிற்கும்.

பெயரை முன்னால் கொண்டுவந்து பாருங்கள்: ‘கோமுவுக்குப் பல் ஆடுது’, ‘கோமுவுக்குக் காது குத்து’, ‘கோமுவுக்குத் தம்பி வந்தாச்சு’. முன்பாதி நிலையாக நிற்கிறது, பின்பாதி கதைக்குக் கதை மாறுகிறது. முதல் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே இப்படி ஐந்து தலைப்பு எழுதிப் பார்த்துவிட வேண்டும். மூன்றாவதிலேயே இழுத்துப் பிடித்து எழுத வேண்டியிருந்தால் தலைப்பின் வார்ப்பு சரியில்லை.

தமிழில் இன்னொரு கண்ணியும் உண்டு. ‘சிங்கம்’ என்று பாத்திரத்துக்குப் பெயர் வைத்தால் வேற்றுமை உருபு சேரும்போது ‘சிங்கத்துக்கு’ ஆகிவிடும். பெற்றோர் ‘சிங்கம்’ என்று தேடினால் அந்தத் தலைப்பு சிக்காமல் போகலாம். ‘பாலன்’ கூட ‘பாலனுக்கு’ ஆகும்போது புள்ளியை இழக்கிறது. கோமு, மீனு மாதிரி உயிரொலியில் முடியும் பெயர்கள் உருபு சேர்ந்தாலும் முழுசாக நிற்கும். ஆங்கில எழுத்தில் Komu என்றும் Gomu என்றும் தேடுவார்கள். இணையக் கடையின் விவரக் குறிப்பில் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

‘சின்னஞ்சிறு கதைப் பூங்கா வரிசை’ போன்ற பெயர்களை யாரும் வாயால் சொல்வதில்லை. கடையில் அம்மா கேட்பது “கோமு புக் அடுத்தது வந்துருச்சா?” என்றுதான். அந்தச் சொல்லே தொடரின் பெயராக இருக்கட்டும். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகத்துக்கு முதுகில் எழுத்துப் போட இடம் கிடையாது. மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரித்து வைக்கும்போது அட்டையின் மேல்விளிம்பு மட்டுமே தெரியும். பெயர் அங்கே, எல்லாப் புத்தகத்திலும் ஒரே எழுத்துருவில் வர வேண்டும்.

அப்புறம், வயதையோ ஊரையோ பெயரில் பூட்டாதீர்கள். வார்ப்பு நன்றாக இருந்தாலும் அதற்கு எல்லை உண்டு. 1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘மிஸ்டர் மென்’ படக்கதைகளில் எந்தக் குணத்தையும் ‘மிஸ்டர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மாட்டிவிடலாம். பெண் பாத்திரங்களை மாட்ட முடியாது. 1981இல் அவர்களுக்கென ‘லிட்டில் மிஸ்’ என்று தனி வரிசையே வந்தது.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஐஎஸ்பிஎன் எண் தனித்தனி. தொடரின் பெயர் மட்டும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் ‘கோமு கதைகள்’, மற்றொன்றில் ‘கோமுவின் கதைகள்’ என்று பதிந்தால் இணையக் கடைகள் அவற்றை இரண்டு தொடராகப் பிரித்துக் காட்டக்கூடும்.