உதட்டுக் கொப்புளக் கிரீம்: அட்டையில் படிக்க வேண்டிய இரண்டு வரிகள்

உதட்டு ஓரத்தில் ஒரு இடம் மட்டும் குறுகுறுவென்று இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் அதே இடத்தில் நீர் கோத்த குட்டிக் கொப்புளங்கள் கொத்தாக நிற்கும். வீட்டில் உடம்புச் சூடு என்பார்கள், பூச்சி ஏதோ தொட்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை, ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். ஒருமுறை உடம்புக்குள் வந்துவிட்டால் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், வெயில், தூக்கமின்மை என்று சாக்குக் கிடைத்தால் எழுந்து அதே உதட்டுக்கு வரும்.

எனக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வந்துவிடும். இதற்கான கிரீமைப் பல வருஷம் தப்பாகவே வாங்கி, தப்பான நேரத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என் மேஜையில் இரண்டு ட்யூப் இருக்கிறது: ஒன்று இங்கே சென்னையில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அசைக்ளோவிர், இன்னொன்று அமெரிக்காவில் இருக்கும் அக்கா போன முறை வந்தபோது கொண்டுவந்த டோகோசனால். இவற்றை வைத்தே சொல்கிறேன். உங்களிடம் எந்த ட்யூப் இருந்தாலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: மருந்தின் பெயரைத் தேடுங்கள்

அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள், அங்கே இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் திருப்பினால் இந்திய அட்டையில் 'காம்போசிஷன்' என்றும், அமெரிக்க அட்டையில் 'ஆக்டிவ் இன்கிரீடியன்ட்' என்றும் ஒரு வரி இருக்கும். வைரஸைத் தடுக்கும் கிரீம் என்றால் அந்த வரியில் அசைக்ளோவிர், பென்சிக்ளோவிர், டோகோசனால் என்ற மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். உதட்டுக்கென்று பரவலாகப் பயன்படுபவை இவைதான். அசைக்ளோவிரை ஆங்கிலத்தில் சிலர் 'ஒய்' போட்டு எழுதுவார்கள், சிலர் 'ஐ' போட்டு எழுதுவார்கள், இரண்டும் ஒரே மருந்துதான்.

இந்த மூன்றும் இல்லாமல் மென்தால், கற்பூரம், பென்சோகெயின் என்று இருந்தால் அது வலியையும் அரிப்பையும் கொஞ்சநேரம் மறக்கடிக்கும் சமாச்சாரம், வைரஸை ஒன்றும் செய்யாது. அமெரிக்க அட்டையில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம், மருந்தின் பெயருக்கு எதிரே 'பர்ப்பஸ்' என்று போட்டு அது எதற்கு என்று எழுதியிருப்பார்கள். டோகோசனாலுக்கு எதிரே உதட்டுக் கொப்புள சிகிச்சை என்று இருக்கும், பென்சோகெயினுக்கு எதிரே வலி நிவாரணி என்று இருக்கும். அட்டையின் முன்பக்கம் இரண்டிலும் ஒரே மாதிரி உதட்டுப் படம் போட்டிருந்தாலும் இந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் ஊரில் ஆபத்து வேறு மாதிரி. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் அந்த வரியில் இருந்தால் அது ஸ்டீராய்டு. வீட்டில் எப்போதோ படர்தாமரைக்கு வாங்கிய கலவைக் கிரீம் மிச்சம் கிடக்கும், 'எல்லாத் தோல் பிரச்சினைக்கும் நல்லது' என்று யாராவது எடுத்து நீட்டுவார்கள். தோலில் வைரஸை எதிர்த்து நடக்கும் சண்டையையே ஸ்டீராய்டு அமுக்கிவிடும். சிவப்பு குறைந்த மாதிரி தெரியும், உள்ளே வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். நீங்களாக அதை எடுத்து உதட்டுக் கொப்புளத்தில் போடாதீர்கள்.

சதவீத எண்ணையும் சேர்த்துப் படியுங்கள்

இதில்தான் நான் ஏமாந்தேன். ஒருமுறை கடையில் கூட்டம். "அண்ணா, அசைக்ளோவிர் ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டேன், ஒரு ட்யூப் கொடுத்தார், வீட்டுக்கு வந்து உதட்டில் தடவினேன். ஏன் இப்படி வழவழவென்று பசை மாதிரி நிற்கிறது என்று யோசித்துவிட்டு அப்புறம்தான் அட்டையைப் படித்தேன். 3% என்று இருந்தது, பக்கத்தில் கண் களிம்பு என்றும் இருந்தது. கண்ணில் இதே வைரஸ் வந்தால் போடுகிற மருந்து அது. பெயரை மட்டும் சொன்னது என் தப்பு, அட்டையைப் பார்க்காதது அதைவிடப் பெரிய தப்பு.

உதட்டுக்கு வேண்டியது அசைக்ளோவிர் 5%, அதுவும் கிரீம். எண்ணுக்குப் பக்கத்தில் 'டபிள்யூ பை டபிள்யூ' என்று இருக்கும், எடைக்கு எடை என்று அர்த்தம். 100 கிராம் கிரீமில் 5 கிராம் மருந்து, அப்படியானால் 5 கிராம் ட்யூபில் 250 மில்லிகிராம். தலைகீழாகவும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தோலுக்கான 5% கிரீமைக் கண்ணுக்குள் போடவே கூடாது.

இன்னொரு குழப்பம். டோகோசனால் ட்யூபில் 10% என்று இருக்கும், பென்சிக்ளோவிரில் 1% என்றுதான் இருக்கும். பத்து பெரிசு, அதனால் பத்து மடங்கு வீரியம் என்று கணக்குப் போடாதீர்கள். மூன்றும் வேறு வேறு மருந்து. வைரஸ் தன்னை நகல் எடுக்கும்போது அந்த இழையை நடுவில் முறித்துவிடுவது அசைக்ளோவிரும் பென்சிக்ளோவிரும். டோகோசனாலோ வைரஸ் நம் செல்லின் தோலோடு ஒட்டி உள்ளே நுழைவதைத் தடுக்கப் பார்க்கிறது. எண்ணை ஒப்பிடுவதானால் ஒரே மருந்துக்குள் ஒப்பிடுங்கள்.

அப்புறம், எப்போது தொடங்கச் சொல்கிறது?

இந்த வரியைத்தான் யாரும் படிப்பதில்லை. அமெரிக்க ட்யூபில் 'டைரக்ஷன்ஸ்' என்ற தலைப்பின் கீழ் முதல் அறிகுறியிலேயே தடவு என்று இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் 'டிங்கிள்' என்று ஒரு சொல். நாம் குறுகுறுப்பு என்கிறோமே, அதுதான். சீக்கிரம் தொடங்கினால்தான் நல்ல பலன் என்று அதற்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். நான் பார்த்த இந்திய அட்டைகளில் பெரும்பாலும் 'மருத்துவர் சொன்னபடி' என்று முடித்துவிடுகிறார்கள், நேரம் வேண்டுமென்றால் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துத் தேட வேண்டும். அதை அட்டையோடு குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? வைரஸ் மும்முரமாகப் பெருகுவது முதல் ஓரிரு நாளில்தான். அதற்குப் பிறகு தெரிகிற கொப்புளம், புண், பொருக்கு எல்லாம் பெரும்பாலும் நம் உடம்பு பதிலடி கொடுப்பதால் வருவது. பொருக்குத் தட்டிய பிறகு கிரீம் போட்டால் தடுப்பதற்கு அங்கே வேலை மிச்சமில்லை. நான் பல வருஷம் செய்தது அதைத்தான். கொப்புளம் உடைந்து அசிங்கமாகத் தெரிந்த பிறகுதான் கடைக்கே போவேன்.

சரி, கொப்புளம் வந்துவிட்டது, இனி போடவே வேண்டாமா? அது மருந்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் விற்கும் அசைக்ளோவிர் கிரீமுக்கான குறிப்பில் குறுகுறுப்பு நிலையே சிறந்தது, ஆனால் கொப்புள நிலையிலும் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். டோகோசனாலைச் சோதித்தபோது கொப்புளம் வருவதற்கு முன்பே தடவத் தொடங்கியவர்களை வைத்துத்தான் பார்த்தார்கள். அப்படிச் சரியான நேரத்தில் போட்டும் கிடைத்த லாபம் சுமார் 18 மணி நேரம். அசைக்ளோவிர் கிரீமிலும் ஏறக்குறைய அரை நாள்தான். ஒரே ராத்திரியில் மறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அரை நாளும் தாமதித்தால் கைக்கு வராது.

போன மாதம் நான் போட்ட விதம்

வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் பல் தேய்க்கும்போது கீழ் உதட்டின் இடது ஓரத்தில் குறுகுறுப்பு. எப்போதும் வரும் அதே இடம், அதனால் சந்தேகமே இல்லை. முதல்முறை வருகிறவர்களுக்கு இவ்வளவு நிச்சயமாகத் தெரியாது, ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வாய்க்கு உள்ளே, கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக வருகிற வாய்ப்புண் வேறு, இரண்டு வாயோரமும் ஒரே நேரத்தில் வெடிப்பது வேறு. அவற்றுக்கு இந்தக் கிரீம் உதவாது.

கையைக் கழுவி, உதட்டை ஒற்றித் துடைத்து, 7 மணிக்கு அசைக்ளோவிரை மிளகளவு எடுத்துத் தடவினேன். அடுத்தது 11, அப்புறம் மதியம் 3, சாயங்காலம் 7, ராத்திரி 11. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வீதம் ஐந்து தடவை, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் அலாரம் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் 3 மணித் தடவலை நான் எப்போதும் மறப்பேன். சாப்பிட்டுவிட்டுத் தடவுங்கள், தடவிவிட்டுச் சாப்பிட்டால் மருந்து சாம்பாரோடு உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் தடவிய பிறகும் கை கழுவ வேண்டும், அதே விரலால் கண்ணைக் கசக்கினால் வைரஸ் அங்கே குடியேறும்.

முதல் தடவலில் லேசாக எரிந்தது. இதற்கும் அட்டையிலேயே விடை இருக்கிறது, மருந்தில்லாத மற்றப் பொருள்களின் பட்டியலில் புரோப்பிலீன் கிளைக்கால் என்று ஒன்று இருக்கும், சிலருக்கு அது எரியும். ஒரு நிமிஷத்தில் அடங்கினால் பரவாயில்லை. தடவிய இடமெல்லாம் சிவந்து தடித்து அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், நிறுத்திவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரண்டு சின்னக் கொப்புளம் வந்தது, வராமல் போகவில்லை. திங்கள்கிழமை மெல்லிய பொருக்கு. ஐந்து நாளில், அதாவது அன்று ராத்திரியே கிரீமை நிறுத்தினேன். அதற்குள் ஆறாவிட்டால் பத்து நாள் வரை போடலாம் என்று குறிப்பில் இருக்கிறது. டோகோசனால் என்றால் தினம் ஐந்து தடவை, ஆறும்வரை, அதற்கும் பத்து நாள்தான் எல்லை.

பத்து நாள் தாண்டியும் ஆறவில்லை, கண் சிவந்து வலிக்கிறது, அல்லது புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறீர்கள், உறுப்பு மாற்று ஆனவர், கர்ப்பம் என்றால் கிரீமோடு மல்லுக்கட்டாமல் டாக்டரிடம் போங்கள். அடிக்கடி வருகிறவர்களுக்கு அவர் மாத்திரை எழுதலாம். வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் புண் ஆறும்வரை முத்தம் கொடுக்காதீர்கள், பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்து.

மிச்சக் கிரீமை யாருக்கும் கொடுக்காமல், காலாவதித் தேதியைப் பெரிதாக ட்யூப் மேலேயே எழுதி ஆபீஸ் பையில் போட்டிருக்கிறேன். அடுத்த குறுகுறுப்பு மின்சார ரயிலில் போகும்போது வந்தாலும் தாம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.