“காவிரி பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வேண்டும்”: கேட்கும்போதே நடக்கும் தவறுகள்

கருத்தரங்கு நடத்தும் கல்லூரித் துறையாக இருக்கட்டும், அறிக்கை வெளியிடும் தொண்டு நிறுவனமாக இருக்கட்டும், ஆய்வுக் கட்டுரை கேட்பது பல சமயம் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. “காவிரிப் பிரச்சினை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை, மாதக் கடைசிக்குள் வேண்டும்.” எழுதுகிறவரும் சரி என்று உட்கார்ந்துவிடுகிறார். கட்டுரை கைக்கு வந்த பிறகுதான் “நாங்கள் எதிர்பார்த்தது இது இல்லையே” என்ற பேச்சு வருகிறது. எழுதியவரின் திறமைக் குறைவு என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. எந்தத் துறைக்கு, எந்த ஆதாரங்களை வைத்து, எந்த மேற்கோள் முறையில் என்ற மூன்றையும் கேட்டவர் சொல்லவில்லை. இந்த மூன்றில் ஒவ்வொன்றும் என்ன கெடுதல் செய்யும் என்பதைக் காவிரியை வைத்தே பார்க்கலாம்.

முதல் தவறு, துறையைச் சொல்லாமல் விடுவது. சட்டத்துறை ஆளிடம் காவிரி என்றால் அவர் 1892, 1924 ஒப்பந்தங்களில் தொடங்குவார். சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்டவை அவை. 1924 ஒப்பந்தம் ஐம்பது ஆண்டுகளில் காலாவதியானதா, 1990-இல் அமைந்த நடுவர் மன்றம் எந்த அடிப்படையில் பங்கு பிரித்தது, உச்ச நீதிமன்றம் அதில் எதை மாற்றியது என்று அவர் கட்டுரை போகும். நீரியல் படித்தவருக்கு இதெல்லாம் முன்னுரையில் ஒரு பத்தி. அவருக்கு வேண்டியது மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் நீர்வரத்து, கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளின் இருப்பு, தென்மேற்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளின் கணக்கு. பொருளாதாரக்காரர் டெல்டாவில் குறுவைப் பரப்பு கூடிக் குறைவதைப் பார்ப்பார். வரலாற்று மாணவர் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குக் கிளம்பிவிடுவார்.

நால்வரும் காவிரி பற்றித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் துறையில் ஆய்வாக ஏற்க மாட்டார்கள். சட்ட இதழுக்கு அனுப்பும் கட்டுரையில் நீர்வரத்து அட்டவணைகளை மட்டும் அடுக்கினால் “வாதம் எங்கே?” என்பார்கள். நீரியல் இதழில் தீர்ப்புப் பத்திகளாக நிரப்பினால் “தரவு எங்கே?” என்பார்கள். “எல்லாக் கோணத்திலும் எழுதுங்கள்” என்று கேட்பவர்களும் உண்டு. இருபது பக்கத்தில் அது நடக்காது. ஆளுக்கு ஐந்து பக்கம் என்று போனால், எந்தத் துறைக்காரருக்கும் தெரியாத புதிய செய்தி ஒன்றுகூட அதில் இருக்காது.

இரண்டாவது தவறுதான் அதிகம் சேதம் செய்வது. ஆதாரங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமலோ, “நம்பகமான ஆதாரங்கள்” என்று மட்டும் சொல்லியோ விடுவது.

2007 பிப்ரவரியில் வந்த நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. ஒதுக்கியது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 192. மீதி, நம் எல்லைக்குள்ளேயே கிடைக்கும் நீர். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதிலிருந்து 14.75 டி.எம்.சி.யைக் குறைத்தது. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்து 10, பெங்களூரு நகரத் தேவைக்காக 4.75. ஆகவே இன்றைய எண்கள் 404.25-உம் 177.25-உம்.

இப்போது “பியர் ரிவ்யூ செய்த ஜர்னல் கட்டுரைகள் மட்டும்”, அதாவது அதே துறை அறிஞர்கள் படித்துப் பார்த்து ஏற்றவை மட்டும், என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்டிப்பாகக் கேட்டதுபோல் தெரியும். 2012-இல் வந்த நல்ல கட்டுரை ஒன்றில் 419 என்றுதான் இருக்கும், 192 என்றுதான் இருக்கும். அன்று அது சரி. அதை அப்படியே எடுத்து இன்றைய நிலவரமாக எழுதினால், நிபந்தனை எதையும் மீறாமலே கட்டுரை தவறாகிவிடும். இன்னொரு பக்கம், நீதிமன்றத் தீர்ப்பு பியர் ரிவ்யூ செய்யப்பட்டதல்ல. நடுவர் மன்ற அறிக்கையும் அல்ல. நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிற இளம் ஆய்வாளர் இந்த முதன்மை ஆதாரங்களையே விட்டுவிடுவார். எனவே எது முதன்மை ஆதாரமாகக் கட்டாயம் இருக்க வேண்டும், எந்த ஆண்டுக்குப் பிந்தைய கட்டுரைகள் வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செய்தித்தாள்கள் வேறு வகைச் சிக்கல். போராட்டம், பேச்சுவார்த்தை, அறிக்கை இவற்றுக்கு அவை நல்ல ஆதாரம். நீரின் அளவுக்கு அப்படியே எடுக்க முடியாது. செய்தியில் வருவது பெரும்பாலும் நொடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கு. தீர்ப்பில் இருப்பது மாதத்துக்கு இத்தனை டி.எம்.சி. நொடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.864 டி.எம்.சி. தவிர, செய்தியில் சொல்லும் அளவு கிருஷ்ணராஜ சாகரிலிருந்து திறந்ததா, பிலிகுண்டுலுவுக்கு வந்து சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டுக் கணக்கு பிலிகுண்டுலுவில்தான். ஆகவே, “நிகழ்வுகளுக்குச் செய்தித்தாள் சரி, அளவுகளுக்குக் கூடாது” என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மூன்றாவது, மேற்கோள் முறை. இதைக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். காற்புள்ளி, சாய்வெழுத்து மட்டும் என்றால் மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தகவல் கேட்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏ.பி.ஏ. முறையில் ஒரு கருத்தைச் சொந்த வார்த்தையில் எழுதினால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போதும், பக்க எண் கட்டாயமில்லை. சட்டத் துறையின் அடிக்குறிப்பு முறையில் அது நடக்காது. 2018 தீர்ப்பை (2018) 4 எஸ்.சி.சி. 1 என்று குறிப்பிடுவார்கள். அதாவது ‘சுப்ரீம் கோர்ட் கேசஸ்’ என்ற தீர்ப்புத் தொகுப்பில் அந்த ஆண்டின் நான்காம் தொகுதி, முதல் பக்கத்தில் தீர்ப்பு தொடங்குகிறது. அதோடு நிற்காமல், நீங்கள் சொல்லும் கருத்து தீர்ப்பின் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதையும் தர வேண்டும். ஏ.பி.ஏ. என்று நினைத்துப் பத்தி எண் இல்லாமல் குறிப்பெடுத்தவரிடம் பிறகு அடிக்குறிப்பு கேட்டால், நானூறு பக்கத்துக்கு மேல் நீளும் தீர்ப்பை மறுபடி முதலிலிருந்து புரட்ட வேண்டியதுதான். ஆகவே குறிப்பெடுக்கத் தொடங்கும் முன்பே முறை தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? இப்படி:

“2018 தீர்ப்புக்குப் பிறகு, மழை குறைந்த ஆண்டுகளில் காவிரி நீரைப் பகிர்வதில் உள்ள சட்டச் சிக்கல்கள் பற்றி 5,000 சொல்லில் ஒரு கட்டுரை வேண்டும். சட்டத்துறைக் கருத்தரங்குக்கு. 2007 நடுவர் மன்றத் தீர்ப்பும் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மூலத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். இதழ்க் கட்டுரைகள் 2018-க்குப் பிந்தையவை. பழையவை வரலாற்றுப் பகுதிக்கு மட்டும். நீரளவுக்கு அரசுத் தரவு, நிகழ்வுகளுக்குச் செய்தித்தாள். இந்தியச் சட்ட நிறுவன முறையில் அடிக்குறிப்பு.”

ஏழெட்டு வரிதான். கேட்பவருக்கே முறை தெரியவில்லை என்றால், கட்டுரை போகப்போகும் இதழிலோ சென்ற ஆண்டுக் கருத்தரங்கத் தொகுப்பிலோ ஒரு கட்டுரையை எடுத்து இணைத்துவிடலாம். பக்கத்தின் அடியில் குறிப்பு இருக்கிறதா, வரிக்குள் பெயரும் ஆண்டும் இருக்கிறதா, சதுர அடைப்புக்குள் எண் இருக்கிறதா என்பதைப் பார்த்தே எழுதுகிறவர் முறையைக் கண்டுகொள்வார். அதன் ஆதாரப் பட்டியலில் தீர்ப்புகள் அதிகமா, தரவுத் தொகுப்புகள் அதிகமா என்பதிலிருந்து எந்த வகை ஆதாரம் அங்கே செல்லும் என்பதும் தெரிந்துவிடும். எழுதுகிறவரும் சும்மா காத்திருக்க வேண்டாம். அரைப் பக்கத்தில் தன் ஆய்வுக் கேள்வியையும், பயன்படுத்தப்போகும் ஐந்தாறு ஆதாரங்களையும், மாதிரிக்கு ஒரு மேற்கோளையும் எழுதி முதல் வாரத்திலேயே அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம்.