காதுக்குள் 'கொய்ங்': ஃபேன் ஓடாத பெங்களூர் ராத்திரியில் தூங்குவது எப்படி

சென்னையில் இருந்தவரை எனக்குக் காது இரைகிறது என்பதே தெரியாது. வருஷம் முழுக்க சீலிங் ஃபேன் ஓடும், அந்தக் கடகடப்பில் எல்லாம் கரைந்துவிடும். அல்சூருக்குக் குடிவந்த முதல் டிசம்பரில் குளிர் தாங்காமல் ஃபேனை நிறுத்தினேன். அன்றைக்குத்தான் இடது வலது இரண்டு காதிலும் பழைய டிவி மாதிரி ஒரு மெல்லிய 'கொய்ங்'. ஒரு வாரம் மூன்று மணிக்கு முன்னால் தூங்கவில்லை.

முதல் வேலை, காதைப் பார்க்க வைப்பது. இதைத் தள்ளிப்போட்டு, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிக்கொண்டவன் நான். செய்யாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போகும். பட்ஸும் வேண்டாம், அது குறும்பியை உள்ளே தள்ளி அடைக்கத்தான் உதவும். அந்த அடைப்பே இரைச்சலுக்குக் காரணமாக இருப்பதும் உண்டு. அப்படியென்றால் டாக்டர் குறும்பியை எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனக்குக் குறும்பி இல்லை. கேட்புச் சோதனை வரைபடத்தில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸில் மட்டும் பள்ளமாக இறங்கியிருந்தது. பல வருஷம் உரத்த சத்தம் கேட்ட காதில் அடிக்கடி தெரியும் அடையாளம் அது. எட்டு வருஷமாக ஹெட்செட்டைக் கழற்றாதவன் நான். உள்காதின் மயிரணுக்கள் சில அழிந்தபின் அங்கிருந்து சிக்னல் குறைகிறது. ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காவிட்டால் வால்யூமைத் திருகுவோமே, அதுபோல மூளை தன் பங்குக்கு ஏற்றிக்கொள்கிறது, அந்த இரைச்சல்தான் கேட்கிறது என்று விளக்கினார்கள். வயது, தாடை மூட்டுக் கோளாறு, அதிக டோஸ் ஆஸ்பிரின் போன்ற சில மருந்துகளாலும் வரும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

சரி, இனி ராத்திரி. அறை நிசப்தமாக இருக்கக் கூடாது. மழைச் சத்தமோ, தூரத்து அருவி போலக் கனமாக இரையும் 'பிரவுன் நாய்ஸோ' எட்டு மணி நேரத்துக்கு டவுன்லோட் செய்து, ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் போடுங்கள். என் ஓட்டு பிரவுன் நாய்ஸுக்கு. 'ஒயிட் நாய்ஸ்' எனக்குப் பிரஷர் குக்கர் சீறுவது போல இருக்கிறது. ஸ்பீக்கர் தலைமாட்டில் ஒரு கை தூரம் தள்ளி இருக்கட்டும்.

நான் கவிழ்ந்தது வால்யூமில். 'கொய்ங்' சுத்தமாகக் கேட்காத அளவுக்கு ஏற்றினேன். சுகமாகத்தான் இருந்தது, ஆனால் நாலாம் நாள் மனைவி தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டாள். எனக்கும் சத்தத்தை நிறுத்திய மறு நொடி இரைச்சல் முன்னைவிடப் பெரிதாகத் தோன்றும். கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் சொன்ன முறை வேறு. படுத்துக்கொண்டு பூஜ்ஜியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். மழையும் 'கொய்ங்'கும் ஒன்றோடொன்று கலக்க ஆரம்பிக்கும் ஒரு இடம் வரும். அங்கிருந்து ஒரு புள்ளி குறையுங்கள். கூர்ந்து கேட்டால் இரைச்சல் இன்னும் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் மூளை அதை 'ஆபத்தில்லாத சத்தம்' என்று பழகி ஒதுக்கும், மூடி மறைத்தால் பழகாது என்பது அவர் கணக்கு. என் போனில் 15 புள்ளியில் 4தான் வந்தது, முதலில் நம்பவே இல்லை. மூன்று வாரம் போனபின், இரைச்சல் அப்படியே இருந்தும், படுத்தவுடன் அதைத் தேடும் பழக்கம் குறைந்திருந்தது.

இன்னொன்று, டைமர் வைக்காதீர்கள். ஒரு மணிக்குச் சத்தம் நின்றால் அந்த நிசப்தமே எழுப்பிவிடும். தூக்கம் வராமல் இருபது நிமிஷம் போல ஆனால் படுக்கையிலேயே புரளாமல் ஹாலில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகினால் திரும்புங்கள். இரைச்சலை அடியோடு நிறுத்துவதாக நிரூபணமான மாத்திரை எதுவும் இல்லை, சொட்டு மருந்து விளம்பரங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். மனசு விடாமல் அதிலேயே சுற்றினால், சிபிடி என்ற, மனநல நிபுணரோடு பேசி எண்ணங்களை மாற்றிப் பழகும் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

பின்சேர்க்கை: இயர்ஃபோனில் கேட்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க வேண்டாம், ஒருக்களித்தால் காது வலிக்கும், வால்யூமும் தன்னால் ஏறும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் புளூடூத்தும் அணைந்துவிடுகிறது என்றார் ஒருவர். மோடைப் போட்டபின் புளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள்.

இன்னொரு வாசகிக்கு 'டப் டப்' என்று நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்கிறதாம். அதற்கு இந்தப் பதிவு உதவாது. துடிப்போடு வரும் சத்தம் ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், ஸ்கேன் வரை பார்க்க வேண்டியிருக்கும். ஒரே காதில் மட்டும் இரைந்தாலும் காட்டுங்கள். திடீரென ஒரு காது கேட்காமல் போய் இரைச்சலும் வந்தால் அன்றைக்கே ஈ.என்.டி.யிடம் ஓடுங்கள், ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். போதும், செலவும் இல்லை. எங்கள் தெருவில் ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போகும், அதனால்தான் நான் பேட்டரி ஸ்பீக்கருக்கு மாறினேன்.