'மதிப்புமிக்க நிறுவனம்' என்று ஆரம்பிக்கும் விண்ணப்பத்தை ஆள் எழுதியதாக மாற்றுவது எப்படி?

போன வாரம் கடலூர் முதுநகரில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் போனை நீட்டி, "அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க" என்றான். புதுச்சேரியில் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் கணக்கு உதவியாளர் வேலை, கடிதம் தமிழிலேயே கொடுக்கலாம். ஏஐ செயலியில் எழுதி வாங்கியிருந்தான். அதிலிருந்து மூன்று வரி:

"தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணிபுரிய மிகுந்த ஆர்வத்துடன் விண்ணப்பிக்கிறேன். கடின உழைப்பு, அர்ப்பணிப்பு, குழுவாகச் செயல்படும் திறன் ஆகியவை என் பலங்கள். டேலி மென்பொருளில் நிபுணத்துவம் பெற்றுள்ளேன்."

எழுத்துப்பிழை இல்லை. ஆனால் இதில் அவன் எங்கே இருக்கிறான்?

முதல் வேலை, வெட்டுவது. ஒவ்வொரு வரியிலும் உங்கள் பெயருக்குப் பதிலாக வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் அந்த வரி பொருந்தினால் அடித்துவிடுங்கள். அவன் கடிதத்தில் பெயர், படிப்பு, எந்த வேலை என்கிற மூன்றும்தான் மிஞ்சின. முகம் வாடிவிட்டது, பரவாயில்லை.

அடுத்து, போனை ஓரமாக வைத்துவிட்டு வாயால் பேசுங்கள். இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்: பழைய வரியையே பார்த்துக்கொண்டு திருத்தினால் 'அர்ப்பணிப்பு' போய் 'ஈடுபாடு' வரும், அவ்வளவுதான். யாராவது கேள்வி கேட்க, நீங்கள் பதில் சொல்வதை ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள். "உனக்கு என்ன திறமை?" என்று கேட்டால் மறுபடி அதே பாட்டுதான் வரும், அதனால் நான் "மாமா கடையில காலையில போனதும் முதல்ல என்ன செய்வ?" என்று கேட்டேன். அப்புறம் "அதுல எப்பயாவது சொதப்பிருக்கா?" என்றேன்.

அங்கேதான் சரக்கு வெளியே வந்தது. துறைமுகத்தில் மாமாவின் ஐஸ் கடை. படகுகள் கடனுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போகும், மீன் விற்றபின் பணம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, அதனால் பழைய பாக்கி அப்படியே நிற்கும். ஒருமுறை ஒரே பெயருள்ள இரண்டு படகுக்காரர்களின் கணக்கு கலந்துபோய் கடை வாசலில் சண்டை. இவன் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் புரட்டிப் பிரித்தெடுத்திருக்கிறான். இதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் 'சவாலான சூழல்களிலும் செயல்படுவேன்' என்று அனுப்பப் பார்த்தான்!

மூன்றாவது, பேசியதை எழுத்தாக்குவது. நாங்கள் எழுதியது இது:

"கடலூர் துறைமுகத்தில் என் மாமாவின் ஐஸ் கடையில் 2 வருடம் கடன் நோட்டு எழுதினேன். உரிமையாளர் பெயரில் எழுதிவந்ததால் ஒரே பெயருள்ள இருவரின் கணக்கு கலந்துவிட்டது. பழைய பக்கங்களைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து படகின் பதிவு எண்ணை வைத்து எழுதுகிறேன்."

கடினமாக உழைப்பேன் என்று எங்கேயும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சண்டை போட்டவர்களின் பெயரையும் பாக்கித் தொகையையும் வேண்டுமென்றே விட்டோம். அடுத்தவர் கணக்கை வெளியே சொல்கிற ஆளை யார் கணக்கு எழுத வைப்பார்கள்?

டேலி வரியில் சிக்கல் வேறு. பையன் போனது 3 மாதக் கோர்ஸ், 'நிபுணத்துவம்' செயலி போட்ட வார்த்தை. "டேலியில் பில் போடவும் லெட்ஜர் பார்க்கவும் தெரியும், ஜிஎஸ்டி தாக்கல் தனியாகச் செய்ததில்லை" என்று மாற்றினோம். இன்டர்வியூவில் கேட்டால் திணற வேண்டாம் பாருங்கள். இன்னொன்று, 'இன்னும் மனிதத்தன்மையோடு எழுது' என்று அதே செயலியிடம் கொடுத்தால், 'நஷ்டத்தை 30 சதவீதம் குறைத்தேன்' என்பதுபோல நடக்காததை அது சேர்த்துவிடக்கூடும். இவனுக்கும் அப்படித்தான் வந்தது. அதனால் ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலை வைத்து, இது எங்கிருந்து வந்தது என்று உங்களையே கேளுங்கள்.

கடைசியாகச் சத்தமாகப் படிப்பது. மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். 'மேலும்' என்று தொடங்கும் வரிகளில் அந்தச் சொல்லை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றும் குறையாது. அதற்காக 'சார், நம்ம கடைல' என்று பேச்சுவழக்கிலேயே எழுதிவிடவும் வேண்டாம். பொருள், தேதி, இணைப்புகள் எல்லாம் வழக்கப்படியே இருக்கட்டும். ஐஸ் கடைக் கதையும் நாலைந்து வரி போதும், கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது.

எல்லாம் முடிந்து அனுப்பப்போகும் நேரத்தில் தம்பி தயங்கினான். "அண்ணே, அந்த 'மதிப்புமிக்க' மட்டும் இருக்கட்டுமே, இல்லன்னா மரியாதை இல்லாத மாதிரி இருக்கு." சரி என்று ஒரே ஒரு இடத்தில் விட்டுவைத்தேன்.