அரோராவின் நிறத்தை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லிக்கொடுக்க வரும் புதுத் தொண்டூழியர்கள், துருவப் பக்கத்து இரவு வானில் வண்ணத் திரைபோல் ஒளிரும் அரோரா என்று வந்தால் எல்லாரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சின்னப் பிழைகளை விடுங்கள், அவற்றைப் பிள்ளைகளே திருத்திவிடுவார்கள்.

ஒரு வாயுவுக்கு ஒரு நிறம் என்று அட்டவணை போடுவது

பச்சைக்கு ஆக்சிஜன், சிவப்புக்கு நைட்ரஜன், முடிந்தது கதை. இந்த அட்டவணையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் பச்சையும் அதற்கு மேலே தெரியும் சிவப்பும் ஒரே ஆக்சிஜன் அணுவின் வேலை.

பூமியின் காந்தப்புலக் கோடுகள் வழியே பாய்ந்து வரும் எலக்ட்ரான் மோதியதும் அணு கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. அதை ஒளியாக விட அதற்கு நேரம் வேண்டும். பச்சைக்குச் சராசரியாக முக்கால் வினாடி, சிவப்புக்கோ ஏறக்குறைய 110 வினாடி. அதற்குள் பக்கத்து மூலக்கூறு வந்து இடித்தால் ஆற்றல் அதனிடம் போய்விடும், ஒளி வராது. காலை எட்டரை மணி எம்ஆர்டியில் இரண்டு நிமிடம் யாரும் இடிக்காமல் நின்று பாருங்கள், சிவப்பின் பாடு புரியும்.

200 கிலோமீட்டருக்கு மேல் காற்று அவ்வளவு மெலிந்திருப்பதால் அணு நிதானமாகக் காத்திருந்து சிவப்பை விடுகிறது. 100 முதல் 150 கிலோமீட்டர் வரை நெரிசல், அங்கே சிவப்பு அணைந்துபோய்ப் பச்சை மட்டும் தப்பிக்கும். இன்னும் கீழே போனால் பச்சைக்கும் அதே கதிதான்.

இதைப் பிடிக்காமல் விட்டால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஜப்பானின் ஹொக்கைடோவில் எடுத்த அரோரா படம் ஒன்றில் வடக்கு அடிவானம் மட்டும் செக்கச்செவேல் என்றிருந்தது. "அங்கே நைட்ரஜன் அதிகம்" என்றார் ஒரு தொண்டூழியர், பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள்! கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்: அரோரா படம் எடுத்தவருக்கு 1,600 கிலோமீட்டர் வடக்கே இருந்தால், பூமியின் வளைவு அதன் கீழ்ப்பகுதியைச் சுமார் 200 கிலோமீட்டர் உயரம்வரை மறைத்துவிடும். பச்சை அங்கே இருந்தாலும் அடிவானத்துக்குக் கீழே போய்விடுகிறது, எட்டிப் பார்ப்பது சிவப்புத் தலை மட்டும்.

ஆக்சிஜன் என்றதும் மூச்சுக்காற்றை நினைப்பது

அரோராவில் பச்சையும் சிவப்பும் விடுவது ஒற்றை அணு, மூச்சுக்காற்றில் இருப்பதுபோல் இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறு அல்ல. மேலே புற ஊதாக் கதிர் மூலக்கூறைப் பிளந்துவைத்திருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து வடக்கே பார்ப்பது

வேண்டாம்.

நீலம் என்றால் எப்போதும் அடியில்தான் என்பது

நீலம் எலக்ட்ரானை இழந்த நைட்ரஜன் மூலக்கூறின் ஒளி. அது நொடியின் கோடியில் சில பங்குக்குள் வெளிவந்துவிடுவதால் இடிபடும் பயமே இல்லை. வேகமான எலக்ட்ரான்கள் 100 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும் இரவுகளில் பச்சைத் திரையின் அடிவிளிம்பு நீலமோ இளஞ்சிவப்போ கலந்து மின்னும், அந்த இளஞ்சிவப்பும் நைட்ரஜனுடையதுதான். ஆனால் அந்தி நேரத்தில் தரை இருட்டிவிட்டாலும் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே மிதக்கும் நைட்ரஜன் அயனிகள் அந்த வெயிலை வாங்கி நீலமும் ஊதாவுமாகத் திருப்பி விடும். ஆக, படத்தில் நீலத்தைக் கண்டால் உயரத்தைச் சொல்லும் முன் எடுத்த நேரத்தைக் கேளுங்கள்.